‘ப்ரொஃபஷனலாக எழுது’ என்றால் என்ன?

“வேலை இன்னும் முடியவில்லை, கொஞ்சம் நேரம் வேண்டும்.” ஐ.டி. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “ப்ரொஃபஷனலாக மாற்றுங்கள்” என்கிறார் மேலாளர்.

உடனே அவர் சேர்ப்பது ‘மதிப்பிற்குரிய ஐயா’, ‘தாழ்மையுடன்’ போன்ற சொற்களைத்தான். குறை அங்கே இல்லை. வாடிக்கையாளர் அறிய விரும்புவது எது முடிந்தது, எது பாக்கி, எப்போது கைக்கு வரும் என்பதை. “தரவு மாற்றம் முடிந்தது, சோதனை பாக்கி. வியாழன் மாலை 5 மணிக்குள், இந்திய நேரப்படி, ஒப்படைக்கிறோம்.” இவ்வளவு போதும். ‘இந்திய நேரப்படி’ என்பதை விட்டுவிட்டால், நியூயார்க்கில் இருப்பவர் தன் ஊர் மாலைவரை காத்திருப்பார்.

அரசு அலுவலகத்தில் இந்தச் சுருக்கம் செல்லாது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசை வேண்டும். ‘பார்வை’யை வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. முந்தைய கடிதத்தின் எண்ணும் தேதியும் அதில்தான் இருக்கும். அதைக் கொண்டுதான் பிரிவு உதவியாளர் பழைய கோப்பைத் தேடி எடுப்பார். எண் இல்லாவிட்டால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் கடிதம் தேங்கும்.

திருத்தச் சொல்லும் மேலாளர்கள் எது குறைகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.