பெற்றோரின் கைக்குச் செல்லும் பயிற்சித் தாள்

முஸ்லிம் குடும்பமொன்றைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தனது மூத்த சகோதரனை 'காக்கா' என்று அழைக்க முயல்கின்றான். அவனது வாயிலிருந்து வருவதோ 'தாத்தா' என்ற சொல். பல முஸ்லிம் இல்லங்களில் அது மூத்த சகோதரியைக் குறிக்கும். நாவின் பின்புறம் உயர்ந்து பிறக்க வேண்டிய 'க' ஒலிக்குப் பதிலாக நாநுனியில் 'த' ஒலி பிறப்பதே இதற்குக் காரணமாகும். பொதுவாக நான்கு வயதளவில் மறைந்துவிடும் இவ்வழக்கம் ஐந்து வயதிலும் தொடருமாயின் பேச்சுச் சிகிச்சையாளரின் உதவி தேவைப்படுகின்றது. முதலில் செவிப்புலனைப் பரிசோதிப்பதும் அவசியமாகும்.

இச்சிறுவனை ஓர் உதாரணமாகக் கொண்டு, சிகிச்சையாளரின் குறிப்புகள் பெற்றோருக்குப் பயன்படும் வடிவத்தை எவ்வாறு பெற வேண்டும் என்பதை நோக்குவோம்.

முதல் அமர்வில், சிகிச்சையாளர் சொல்லிக் காட்டியதைத் திருப்பிச் சொன்னபோது 20 முயற்சிகளில் 6 சரியாக அமைந்தன. படத்தைப் பார்த்துத் தானாகப் பெயர் சொன்னபோது 20இல் 2 மாத்திரமே சரி. நான்காம் அமர்வில் முன்னையது 17ஆகவும் பின்னையது 8ஆகவும் உயர்ந்துள்ளன. இவ்விரு வரிசைகளையும் கலந்துவிடுவதே முன்னேற்றச் சுருக்கத்தில் நேரும் பெருந்தவறாகும். '6இலிருந்து 8' என்று எழுதினால் பெற்றோர் மனம் தளர்வர். '2இலிருந்து 17' என்று எழுதினால் சிகிச்சை முடிந்துவிட்டதென எண்ணுவர். இரண்டுமே உண்மையல்ல. ஒவ்வோர் எண்ணுடனும் எத்தகைய உதவியுடன் அது பெறப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். "சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்கின்றார், தானாகச் சொல்லும்போது பாதிக்கும் குறைவாகவே சரி வருகின்றது" என்ற வாக்கியமே அச்சுருக்கத்தின் சாரமாகும்.

இலக்கும் அவ்வாறே அளக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். 'பேச்சைத் தெளிவாக்குதல்' என்பது ஓர் ஆசையேயன்றி இலக்கு அல்ல. "ஆறு வாரங்களுக்குள், 'க' ஒலியில் தொடங்கும் சொற்களை, படத்தைப் பார்த்து, பிறர் சொல்லிக் காட்டாமல், 20இல் 16 தடவைகள் சரியாகச் சொல்லுதல், அடுத்தடுத்த இரு அமர்வுகளில் இது நிகழ வேண்டும்" என்பதே இலக்காகும்.

வீட்டுப் பயிற்சியோ இந்த இலக்கிற்கு ஒரு படி கீழே அமைய வேண்டும். பிள்ளைக்கு ஏற்கனவே கைகூடியதை உறுதிப்படுத்துவதே வீட்டின் பணி. புதியதைக் கற்பிப்பது சிகிச்சையாளரின் பணி. எனவே இச்சிறுவனின் தாளில் இடம்பெற வேண்டியது, உம்மாவோ வாப்பாவோ சொல்லிக் காட்ட அவன் திருப்பிச் சொல்லும் பயிற்சியேயாகும்.

எந்தச் சொற்களைத் தருவது? இவ்விடத்திலேதான் நமது நாட்டில் ஒரு விசேட சிக்கல் எழுகின்றது. குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது அதிலுள்ள சொற்பட்டியலும் அப்படியே மொழிபெயர்க்கப்பட்டுவிடக்கூடும். பூனை, திறப்பு, பசு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் மூன்றும் 'க' ஒலியில் தொடங்குபவை. தமிழில் அவ்வொலி முற்றாக மறைந்துவிடுகின்றது. 'திறப்பு' என்பதோ பிள்ளை விட்டுவிட வேண்டிய நாநுனி ஒலியிலேயே தொடங்குகின்றது. எழுத்தை நம்பித் தெரிவு செய்வதும் ஆபத்தானதே. 'மகன்' என்பதில் 'க' எழுதப்பட்டாலும் நம் பேச்சில் அது 'ஹ' போலவே ஒலிக்கின்றது. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் 'க' வரும் கை, கால், கண், காய், கல், கோழி ஆகிய ஆறு சொற்கள் போதுமானவை. 'கத்தி', 'கதவு' போன்றவற்றில் வரும் 'த' பிள்ளையைப் பழைய வழக்கத்திற்கு இழுக்கும் என்பதால் அவற்றைப் பின்னர் சேர்க்கலாம். இரட்டித்து வரும் 'காக்கா'வும் அடுத்த கட்டத்திற்குரியதே.

தாளில் எழுத வேண்டிய அறிவுறுத்தல்கள் சிலவே. நாளுக்கு இரு தடவைகள், தடவைக்கு ஐந்து நிமிடங்கள். பிள்ளையின் முகத்திற்கு நேரே அமர்ந்து சொல்லை ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்லும்போது நாநுனி மேற்பற்களை நோக்கி எழுந்தால் அது 'த' ஆகும். தவறினால் கண்டிக்காது மீண்டும் ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள். மறுபடியும் தவறினால் அச்சொல்லை விட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். சரியானதற்கு ஒரு கோடும் தவறியதற்கு ஒரு வட்டமும் இடுங்கள். சிகிச்சையாளர் நாவை அழுத்தக் கரண்டி பயன்படுத்தியிருந்தாலும் வீட்டில் அதனைச் செய்ய வேண்டாம்.

அந்தக் கோடுகளும் வட்டங்களும் அடுத்த அமர்வில் சிகிச்சையாளருக்கு வழி காட்டும். பத்தில் எட்டுக்கு மேல் கோடுகள் தொடர்ந்தால் படியை உயர்த்தலாம். பாதிக்கு மேல் வட்டங்களாயின் தாள் கடினமாகிவிட்டது என்பதே பொருள், பிழை பிள்ளையுடையதன்று.

குடும்ப விபரங்களும் உறுதிப்படாத ஐயங்களும் சிகிச்சையாளரின் கோவையிலேயே இருக்கட்டும். பெற்றோரின் கைக்குச் செல்லும் தாள், அவர்களது வீட்டு மொழியில், ஒரு பக்கத்திற்குள் அமையுமாயின், அச்சிறுவன் தன் காக்காவைக் காக்கா என்றே அழைக்கும் நாள் விரைந்து வரும் என்பதே நமது நம்பிக்கையாகும்.