விடியலுக்கு நிறம், இருட்டுக்கு ரிஃப்ளெக்டர்

மார்கழி மாதம், காலை ஐந்து மணி. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவர் ஓடுகிறார். காலில் பச்சை கலந்த பளிச்சென்ற மஞ்சள் ஷூ. கடையில் பார்த்தபோது தானே எரிவதுபோல் இருந்த நிறம், இருட்டிலும் அப்படியே தெரியும் என்று நம்பி வாங்கியது. ஆனால் சூரியன் உதிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதுவரை அந்த நிறத்தால் அவருக்குப் பெரிய பயன் இல்லை.

இந்த ஃப்ளோரசன்ட் சாயம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாற்றி வெளியே விடுகிறது. பகலில் மற்ற நிறங்களைவிட அது தூக்கலாகத் தெரிவது இதனால்தான். வாகன ஹெட்லைட்டில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. பழைய சோடியம் தெருவிளக்கிலோ நீல ஒளியும் இல்லாத குறை. அங்கே அந்த ஷூ, வெளிர்நிற ஷூக்களில் ஒன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த நிறத்துக்கு உரிய நேரம் விடியலும் அந்தியும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருந்தாலும் வானம் முழுக்க நீல வெளிச்சம் பரவியிருக்கும்; சாயத்துக்கு அது போதும். அந்த மங்கலில் நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரமே கறுத்துவிடும், பச்சையும் மஞ்சளும் தாக்குப்பிடிக்கும். ஆகவே விடியலில் ஓடுபவருக்குச் சிவப்பு ஷூவைவிட மஞ்சள்பச்சை ஷூ நல்லது.

இருட்டுக்கு வேண்டியது ரிஃப்ளெக்டர். ஷூவில் வெறும் சாம்பல்நிறப் பட்டையாகத் தெரியும் அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒளியை வேறு பக்கம் தெறிக்கவிடும். இந்த மணிகள் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே ஓட்டுநரின் கண் இருப்பதால், அவருக்குப் பட்டை வெள்ளையாக எரியும்.

அந்த வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்? 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கவனித்துப் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் சுமார் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். டிம் லைட்டில் கறுப்பு உடைக்காரர் அந்தத் தூரத்துக்குள் வந்த பிறகுதான் பல நேரம் கண்ணில் படுகிறார். நல்ல ரிஃப்ளெக்டர் நூறு மீட்டருக்கு அப்பாலேயே தெரியும்.

அது காலில் இருப்பதில் இரட்டை லாபம். டிம் லைட் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒளி முதலில் விழுவது காலில். இன்னொன்று அசைவு. 1973இல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யொஹான்சன், இருட்டில் மனித மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியுமாறு படம்பிடித்துக் காட்டினார். ஆள் அசையாதபோது பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததும் மனிதர் என்று சட்டெனச் சொல்லிவிட்டார்கள். மார்பில் மட்டும் மின்னும் பட்டை தூரத்தில் ஒரு பலகையாகவும் தோன்றலாம். மாறிமாறி ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகள் ஓடும் கால்கள்தான்.

ஆனால் பட்டை ஷூவில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல ஷூக்களில் அது குதிகாலில்தான் இருக்கும். நாமோ எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரம் ஓட வேண்டியவர்கள். அப்போது குதிகால் அந்த ஓட்டுநருக்கு மறுபக்கம். எனவே முன்நுனி, நாக்கு, லேஸ் ஆகியவற்றில் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஷூவை மாற்றத் தேவையில்லை. கணுக்காலைச் சுற்றிக் கட்டும் ரிஃப்ளெக்டர் பட்டை போதும், எல்லாப் பக்கமும் தெரியும்.

வெள்ளி நிறமெல்லாம் ரிஃப்ளெக்டர் அல்ல. வீட்டில் விளக்கை அணைத்து, ஷூவைப் பத்தடி தள்ளி வைத்து, செல்போன் டார்ச்சைக் கண்ணோரமாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு டார்ச்சை மட்டும் கைநீளத்துக்கு விலக்குங்கள். கண்ணோரத்தில் எரிந்தது விலக்கியதும் மங்கினால் அசல். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தால் வெறும் பெயின்ட். இந்தச் சோதனையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். ஷூ மடங்கும் இடத்தில் மணிகள் உதிரும், சேறு படிந்தாலும் ஒளி குறையும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெயில் ஃப்ளோரசன்ட் நிறத்தை வெளிறச் செய்யும்.

லாரி ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டைவிட வெகு உயரத்தில் இருப்பதால், வண்டி நெருங்க நெருங்க அவருக்குப் பட்டை மங்கும். விளக்கில்லாமல் வரும் சைக்கிள்காரருக்கு அது தெரியவே தெரியாது. ரிஃப்ளெக்டருக்குச் சொந்த ஒளி கிடையாது. விளக்கில்லாத சாலையில் ஓடுபவர் இடுப்பிலோ தலையிலோ ஒரு சிறு விளக்கும் மாட்டிக்கொள்ள வேண்டும்.