வாசிக்கும்போது மனதில் படம் ஓடுகிறதா?

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். கடிதமோ பத்திரிகையோ எதைக் கொடுத்தாலும் நன்னாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்டால் இரண்டுக்குத்தான் விடை சரியாக இருக்கும். பள்ளியில் "கவனம் போதவில்லை" என்றார்கள். நானும் அதை நம்பி, அதே பத்தியை மூன்று முறை வாசிக்கச் சொல்லி அதட்டினேன். மூன்றாவது முறைக்குப் பிறகும் அதே இரண்டுதான்.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு சும்மா கேட்டேன்: "நீ வாசிக்கும்போது மனசுக்குள்ள என்ன தெரியுது?" அவள் யோசிக்கவே இல்லை. "எழுத்து தெரியுது அத்தா" என்றாள்.

நான் மூன்று மாதமாகத் தவறான இடத்தில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் கவனமாகத்தான் வாசித்தாள். ஆனால் அந்தக் கவனம் முழுவதும் எழுத்தைச் சத்தமாக மாற்றுவதிலேயே செலவாகிவிட்டது. வாசித்து முடித்தபின் அவளிடம் மிஞ்சியது சில சொற்கள் மட்டும். கேள்வியில் அதே சொல் வந்தால் பத்தியில் அது இருக்கும் வரியைத் தேடி எழுதிவிடுவாள். கேள்வி வேறு சொல்லில் வந்தால் கை நின்றுவிடும்.

சொல்லாக மட்டும் மனதில் வைப்பதைவிட, சொல்லாகவும் காட்சியாகவும் சேர்த்து வைத்தால் திரும்ப எடுப்பது எளிது என்பதை ஆலன் பைவியோ என்ற கனடா நாட்டு உளவியலாளர் 1971-இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஒரு வழி அடைத்துக்கொண்டால் மற்ற வழியில் போய் எடுக்கலாம் என்பது அதன் சாரம். மைக்கேல் பிரெஸ்லி என்ற ஆய்வாளர் 1976-இல் இதை எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார். ஒரு குழுவுக்கு முதலில் தனி வாக்கியம், பிறகு பத்தி, பிறகு கதை என்று மனதில் படம் போடப் பழக்கினார். மற்ற குழுவிடம், எப்படி முடியுமோ அப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு கதையைக் கொடுத்துக் கேள்வி கேட்டபோது, படம் போடப் பழகிய பிள்ளைகள் கூடுதலாக விடை சொன்னார்கள். அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் வித்தியாசம் தெரிந்தது.

இதை வீட்டில் எப்படிச் செய்வது? நான் என் மகளுக்காக எழுதிய ஒரு சின்னப் பத்தியையே இங்கே தருகிறேன். உங்கள் பிள்ளையிடமும் கொடுத்துப் பாருங்கள்.

"பஸ் ஊருக்குள் நுழையும்போது அஸர் பாங்கு கேட்டது. சல்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நிறுத்தத்தில் நன்னா குடையோடு நின்றிருந்தார். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நன்னா தம்பியைத் தூக்கிக்கொண்டார். சல்மா ஒரு கையில் செருப்பையும் மறு கையில் கூடையையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வாசலில் நின்ற நன்னி, கொடியில் கிடந்த துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்."

கேள்விகள் இவை. சல்மா ஊர் வந்து சேர்ந்தது எந்த நேரம்? அவள் இறங்கும்போது மழை பெய்ததா? தெருவில் அவள் காலில் செருப்பு இருந்ததா? நன்னி ஏன் துணியை எடுக்கவில்லை? குடை என்ன நிறம்?

முதல் கேள்விக்கு விடை காட்சியில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது. மனதில் ஓடுவது ஊமைப் படமாக இருந்தால் பாங்கு விடுபட்டுப் போகும். "நேரம்" என்ற சொல்லைத் தேடும் பிள்ளைக்குப் பத்தியில் "வெகுநேரம்" மட்டும்தான் அகப்படும், அது இந்தக் கேள்விக்கு உதவாது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பாங்கைக் கேட்ட பிள்ளை பிற்பகல் என்று உடனே சொல்லிவிடும்.

இரண்டாவது கேள்வியில்தான் என் மகள் விழுந்தாள். "மழை பெய்தது" என்று எழுதினாள். ஏன் என்று பாருங்கள். "குடையோடு நின்றிருந்தார்" என்ற வரியில் அவள் மனதில் முதன்முதலாக ஒரு படம் வந்திருக்கிறது. அதில் மழை கொட்டியது, குடை விரிந்திருந்தது. அடுத்த வரி மழை விட்டுவிட்டது என்கிறது. அந்த வரியையும் அவள் வாசித்தாள், ஆனால் படத்தைத் திருத்தவில்லை. கேள்வி வந்ததும் பழைய படத்தைப் பார்த்து விடை எழுதிவிட்டாள். படம் போடத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் தவறுவார்கள். இது படமே இல்லாத பிள்ளையின் தவறு அல்ல. விடை தவறு என்று கோடு போடாமல், "உன் படத்துல குடை எப்படி இருக்கு, விரிச்சா, மடிச்சா?" என்று கேட்டால் எந்த வரியில் படம் நின்றுபோனது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதுக்கு விடை எளிது. செருப்பு கையில் இருந்தால் காலில் இருக்க முடியாது. "செருப்பு போடவில்லை" என்ற வாக்கியம் பத்தியில் எங்கும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணைத் தண்ணீருக்குள் நடக்கவிட்டுப் பார்த்தால் வெறுங்கால் தெரியும்.

நான்காவது இன்னும் ஒரு படி தள்ளியது. நன்னி துணியைத் தொட்டார், எடுக்கவில்லை. தொட்ட கைக்கு என்ன தெரிந்திருக்கும்? ஈரம். இங்கே கண்ணைவிடக் கைதான் விடை சொல்கிறது. அந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்த பிள்ளைக்கு இது தெரியும். "நன்னிக்கு வயசாயிடுச்சு, முடியலை" என்பது என் மகளின் முதல் விடை. பாவம், எங்கள் வீட்டு நன்னியை நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

ஐந்தாவது கேள்வி வேண்டுமென்றே வைத்தது. "கறுப்பு" என்று தயங்காமல் எழுதினாள். பத்தியில் நிறமே இல்லை. மனம் படம் போடும்போது காலியாக இருக்கும் இடத்தைத் தன் கைச்சரக்கால் நிரப்பிவிடும். இப்படி நிரப்புவது தவறில்லை, நிரப்பாமல் படமே வராது. ஆனால் பத்தி தந்தது எது, நாம் சேர்த்தது எது என்று பிரிக்கத் தெரியாவிட்டால், கொள்குறி வினாக்களில் பிள்ளை நன்றாக மாட்டிக்கொள்ளும். அங்கே தவறான விடைகளை அமைப்பதே இப்படித்தான்: யாருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய, ஆனால் பத்தியில் இல்லாத ஒன்றை வைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்தோம். விடையைப் படத்திலிருந்து சொல்லலாம், ஆனால் எழுதுவதற்கு முன் அது எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். ஈரத் துணி போன்ற விடைக்கு நேரான வரி இருக்காது, அதை ஊகிக்கவைத்த வரியைக் காட்டினால் போதும். எந்த வரியையும் காட்ட முடியாவிட்டால், "பத்தியில் கூறப்படவில்லை". படம் இருப்பதால் இந்தத் தேடலும் சுருங்கிவிடுகிறது. செருப்பைப் பற்றிக் கேட்டால் பஸ்ஸுக்குள் நடக்கும் வரிகளில் தேட வேண்டியதில்லை, தெருவுக்கு நேராகப் போய்விடலாம்.

பழக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண் எழுத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே படமும் போடு என்றால் பிள்ளைக்குக் கஷ்டம். எழுத்தைப் பார்ப்பதும் மனதில் பார்ப்பதும் ஒன்றோடு ஒன்று போட்டியிடும். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது போன்ற விவரங்களைக் காதால் கேட்டவர்களைவிட, கண்ணால் வாசித்துக்கொண்டே மனதில் பார்க்க முயன்றவர்கள் அதிகம் தடுமாறினார்கள் என்று லீ புரூக்ஸ் என்பவர் 1967-இல் சோதித்துக் காட்டினார். ஆகவே முதலில் நாம் வாசிக்க, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை நிறுத்தி, யார் எங்கே இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, போன வரிக்கும் இந்த வரிக்கும் என்ன மாறியது என்று கேளுங்கள். மாறியது என்ன என்ற கேள்விதான் இவற்றில் முக்கியம், மழைப் படத்தைத் திருத்தும் கேள்வி அதுதான். நிறத்தை விழுந்து விழுந்து கேட்க வேண்டாம், அது கற்பனையைத்தான் வளர்க்கும். சில நாள் போனபின் பிள்ளையே வாசிக்கட்டும், ஆனால் முற்றுப்புள்ளியில் பார்வையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டுப் படத்தைப் பார்க்கட்டும். பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் என் மகள் கொட்டாவி விடுகிறாள்.

எல்லாப் பத்திக்கும் இது பொருந்தாது. நேர்மை, சுதந்திரம், பொருளாதாரம் என்று கருத்தாகவே போகும் பாடத்தில் பார்ப்பதற்கு அதிகம் இருக்காது. வலிந்து படம் போட்டால் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று வந்து நிற்கும். அங்கே சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொல்லச் சொல்வதே மேல்.

சில பிள்ளைகளுக்கு மனதில் படமே வராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் உண்டு. ஆடம் ஸீமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் 2015-இல் இதற்கு 'அஃபன்டேசியா' என்று பெயர் வைத்தார். இவர்களிலும் நன்றாக வாசிப்பவர்கள், எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய பிள்ளையிடம் "கண்ணை மூடிப் பார், தெரியும்" என்று வற்புறுத்தினால், தெரிகிறது என்று பொய் சொல்லத்தான் பழகும். அதற்குப் பதிலாகத் தாளில் குச்சி மனிதர்களை வரையச் சொல்லுங்கள். அல்லது சாப்பாட்டு மேசையில் டம்ளரை நன்னாவாகவும் கரண்டியைச் சல்மாவாகவும் வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். யார் எங்கே, எது யார் கையில் என்பது அப்போதும் கண்முன் நிற்கும். என் மகளுக்கும் முதல் வாரம் டம்ளரும் கரண்டியும்தான் கைகொடுத்தன.

இப்போது அவளுக்கு ஐந்தில் நான்கு வருகிறது, சில நாள் மூன்று. போன வாரம் பழைய சல்மா பத்தியை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அத்தா, நன்னா தம்பியை ரெண்டு கையாலயும் தூக்கிட்டாரு. சல்மாவுக்கு ஒரு கையில செருப்பு, ஒரு கையில கூடை. அப்ப குடையை யாரு வச்சிருந்தா?"

தாளை வாங்கி வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தேன். நான் எழுதவில்லை.