கரண்டிக் காம்பின் நுனி சுடுமா?

சிறு தீயில் கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பாரில் இரண்டு கரண்டிகள் கிடக்கின்றன. ஒன்று எவர்சில்வர், இன்னொன்று அலுமினியம். சாம்பாருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு இரண்டிலும் ஒரே அளவுதான்: 25 செ.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். கால் மணி நேரம் கழித்து எவர்சில்வர் காம்பின் நுனியைப் பிடித்தால் சூடே தெரியாது. அலுமினியக் காம்பைப் பிடித்தவர் சட்டென்று விட்டுவிடுவார்.

பொறியியல் மாணவர்கள் வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் ‘ஃபின்’ என்று படிப்பது இந்தக் காம்பைத்தான். மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றி வரிவரியாக நிற்கும் தகடுகளும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹீட் சிங்க்கும் இதே இனம். சூடான ஒன்றிலிருந்து நீண்டு, வழி நெடுகக் காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே போகும் உலோகம். இதற்கு மூன்று சூத்திரங்கள் உண்டு. நம் கல்லூரிகளில் புழங்கும் கோதண்டராமன், சுப்பிரமணியன் டேட்டா புக்கைத் திறந்தாலும் அவை ஒரே அட்டவணையில் வரிசையாக இருக்கும். எதை எடுப்பது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். நீளமாகத் தெரிந்தால் ‘நீள ஃபின்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அலுமினியக் கரண்டி அவர்களை ஏமாற்றுவது அங்கேதான்.

முதலில் இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். காம்பின் அடியில் நுழையும் வெப்பம் உலோகத்தின் வழியே மேலே ஏறுகிறது, ஏற ஏறப் பக்கவாட்டில் காற்றுக்குக் கசிகிறது. இந்தக் கணக்கை எழுதினால் ஒரே ஒரு சமன்பாடுதான் வரும். அதைத் தீர்க்க இரண்டு தகவல்கள் வேண்டும். ஒன்று அடியின் வெப்பநிலை. அது நமக்குத் தெரியும். மற்றது, நுனியில் என்ன நடக்கிறது என்பது. மூன்று சூத்திரங்களும் இந்த இரண்டாவது கேள்விக்கான மூன்று பதில்கள், அவ்வளவுதான். ‘நுனிக்குப் போவதற்குள் உலோகம் காற்றின் வெப்பநிலைக்கு இறங்கிவிட்டது’ என்பது நீள ஃபின். ‘நுனி முகத்தின் வழியே வெப்பம் எதுவும் வெளியேறவில்லை’ என்பது காப்பிட்ட நுனி. ‘பக்கங்களைப் போலவே நுனி முகமும் காற்றுக்கு வெப்பத்தை விடுகிறது’ என்பது வெப்பம் விடும் நுனி.

```
m = √(hP/kA)        M = √(hPkA) · θ

Q = M
Q = M · tanh(mL)
Q = M · tanh(mLc),   Lc = L + A/P
```

மேலே சொன்ன வரிசையிலேயே மூன்றும் இருக்கின்றன. h என்பது காற்று வெப்பத்தை எவ்வளவு எளிதாக வாங்கிக்கொள்கிறது என்பதற்கான எண், k உலோகத்தின் கடத்துத்திறன், P குறுக்குவெட்டின் சுற்றளவு, A அதன் பரப்பு, L நீளம். θ என்பது அடி காற்றைவிட எத்தனை டிகிரி அதிகச் சூடு என்பது. மூன்றாவது வரியின் முழு வடிவம் இன்னும் நீளமானது. இங்கே தந்திருப்பது அதன் சுருக்கு வழி. அதைப் பிறகு பார்ப்போம்.

இவற்றில் நான் முதலில் கணக்கிடச் சொல்வது m. ஏனென்றால் 1/m என்பது ஒரு நீளம். எவ்வளவு தூரத்தில் சூடு கணிசமாக வடிந்துவிடும் என்பதை அது சொல்கிறது. சமையலறையின் அசையாத காற்றுக்கு h 10 என்று வைத்துக்கொள்வோம், அலகு W/m²K. எவர்சில்வரின் k 16, அலுமினியத்துக்கு 200, அலகு W/mK. சுற்றளவு 0.028 மீட்டர், பரப்பு 24 சதுர மி.மீ. கணக்குப் போட்டால் எவர்சில்வருக்கு m = 27, அதாவது 1/m வெறும் 3.7 செ.மீ. அலுமினியத்துக்கு m = 7.64, 1/m 13 செ.மீ. எவர்சில்வருக்கு அந்த 25 செ.மீ. காம்பு ஏறக்குறைய ஏழு மடங்கு நீளம். அதே 25 செ.மீ. அலுமினியத்துக்கு இரண்டு மடங்குகூட இல்லை. ஸ்கேலில் ஒரே நீளம்தான், ஆனால் வெப்பத்தின் கணக்கில் ஒன்று நெடுஞ்சாலை, மற்றது சந்து. mL என்ற பெருக்கல் இதைத்தான் சொல்கிறது: ஒன்றுக்கு 6.75, மற்றதற்கு 1.91.

எவர்சில்வருக்கு எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் விடை ஒன்றே. tanh(6.75) என்பது 1-லிருந்து பிரித்துப் பார்க்க முடியாத எண். அறை 30 டிகிரி, சாம்பார் 100 டிகிரி என்றால் காம்பு இழுக்கும் வெப்பம் 0.73 வாட். நுனியோ காற்றைவிட 0.2 டிகிரிகூட அதிகமில்லை. இங்கே நீள ஃபின் சூத்திரத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

அலுமினியத்துக்கு வருவோம். நீள ஃபின் சூத்திரம் 2.57 வாட் என்கிறது, காப்பிட்ட நுனி 2.46 வாட் என்கிறது. வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. தேர்வில் மதிப்பெண் குறையாது, தொழிலிலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நுனியின் வெப்பநிலையைக் கேட்டால் கதை வேறு. நீள ஃபின்னில் நுனியில் மிஞ்சும் சூடு e^(−mL) என்ற பங்கு, காப்பிட்ட நுனியில் 1/cosh(mL) என்ற பங்கு. முதலாவது 40 டிகிரி என்கிறது, இரண்டாவது 50 டிகிரி. 40 டிகிரி உலோகத்தைத் தாராளமாகப் பிடிக்கலாம். 50 டிகிரி உலோகத்தைக் கையில் வைத்திருப்பது சிரமம். அடுப்புக்கு மேலே ஆவி சூழ்ந்திருப்பதால் நிஜத்தில் இன்னும் சற்று அதிகமாகவே சுடும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். mL 2.65-ஐத் தாண்டினால் நீள ஃபின் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று பாடப்புத்தகங்களில் ஒரு விதி வருகிறது. tanh(2.65) 0.99 என்பதால் வெப்பத்தின் அளவுக்கு அது முற்றிலும் சரி. ஆனால் அதே 2.65-இல் நுனியில் இன்னும் 14 சதவீதச் சூடு மிச்சமிருக்கும். நம் சாம்பாருக்கு அது பத்து டிகிரி. வெப்பநிலையைக் கேட்கும் கணக்கில் நீள ஃபின் என்று சொல்ல mL 5-க்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். ஆக, கணக்கு எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த இடத்தில் கால்குலேட்டர் செய்யும் கெடுதல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். hyp பொத்தானை அழுத்த மறந்து tan மட்டும் போட்டால், டிகிரி முறையில் 0.033 வரும். விடை 0.09 வாட் ஆகிவிடும். tanh(mL) எப்போதும் mL-ஐவிடச் சிறியதாகவும் 1-ஐத் தாண்டாமலும் இருக்கும். mL 1.9 ஆக இருக்கும்போது 0.03 வந்தால் தவறான பொத்தான் என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

கரண்டியில் நுனி முகத்தைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. அது 24 சதுர மி.மீ. முகம், பக்கங்கள் அதைப்போல ஏறக்குறைய 300 மடங்கு. குட்டையும் தடிப்புமான ஃபின்னில் அப்படி விட்டுவிட முடியாது. எஞ்சின் ஃபின் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 25 மி.மீ. நீட்டம், 3 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம். வார்ப்பு அலுமினியத்துக்கு k 170, ஓடும் வண்டியின் காற்றுக்கு h 50, எஞ்சின் சுவர் 150 டிகிரி, காற்று 30. m 14, mL வெறும் 0.35. நீள ஃபின் என்று எடுத்தால் 86 வாட் வரும். காப்பிட்ட நுனி 28.8 வாட் என்கிறது. மூன்று மடங்கு வித்தியாசம்! இப்படிக் கணக்கிட்டு எஞ்சினை வடிவமைத்தால், தேவையான ஃபின்களில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வைத்திருப்போம்.

28.8-உம் முழு உண்மையில்லை. நுனி முகமும் காற்றில்தான் இருக்கிறது. இதற்கான எளிய வழி 1922-இலேயே வந்துவிட்டது. நாசாவின் முன்னோடியான ‘நாகா’ அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், காற்றால் குளிரும் எஞ்சின்களின் ஃபின்களை ஆராய்ந்த ஹார்ப்பரும் பிரவுனும் அதைச் சொன்னார்கள். நுனி முகத்தைப் பக்கவாட்டில் மடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு பரப்பு கிடைக்கும்படி ஃபின்னைக் கொஞ்சம் நீட்டிவிட்டு, புதிய நுனியைக் காப்பிட்டதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். நீட்ட வேண்டியது A/P. மெல்லிய தகட்டுக்கு அது தடிமனில் பாதி, உருண்டைக் கம்பிக்கு விட்டத்தில் கால். நம் ஃபின் 26.5 மி.மீ. ஆகிறது, விடை 30.4 வாட். sinh, cosh எல்லாம் போட்டு முழுச் சூத்திரத்தில் கணக்கிட்டாலும் அதே 30.4 வாட்தான் வருகிறது.

இந்தச் சுருக்கு வழிக்கு வரம்பு உண்டு. தகட்டுக்கு ht/k என்ற எண் 0.0625-க்குள் இருக்க வேண்டும். நம் ஃபின்னில் அது 0.0009. உலோகமாகவும் சுற்றிலும் காற்றாகவும் இருக்கும் வரை இந்த வரம்பைத் தொடுவதே அபூர்வம். பிளாஸ்டிக் கட்டை ஒன்று கொதிநீரில் நின்றால் தொட்டுவிடும். அப்போது தடிமனுக்குக் குறுக்கேயும் வெப்பநிலை மாறத் தொடங்குவதால், நுனித் திருத்தம் மட்டுமல்ல, ஃபின் சமன்பாடே தள்ளாடும். இன்னொரு தவறு விடைத்தாள்களில் வருவது: நீளத்தையும் நீட்டிவிட்டு, வெப்பம் விடும் நுனியின் முழுச் சூத்திரத்தையும் போடுவது. நுனி முகம் இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும்.

கணக்கில் ‘நுனி காப்பிடப்பட்டது’ என்றோ ‘நுனி வழியே வெப்ப இழப்பு இல்லை’ என்றோ சொல்லியிருந்தால் நீளத்தை நீட்டக் கூடாது. நுனியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையென்றால் mL-ஐப் பாருங்கள். சிறியதாக இருந்தால் நீட்டிய நீளத்தோடு tanh-ஐப் போடுங்கள். சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் நான் அதைத்தான் எடுப்பேன். ஃபின் நீளமானதாக இருந்தால் அது தானாகவே நீள ஃபின்னின் விடையைத் தந்துவிடும்.

காப்பு என்ற சொல்லே இல்லாமல் காப்பிட்ட நுனி ஒளிந்திருக்கும் கணக்கும் ஒன்று உண்டு. நம் அலுமினியப் பட்டையின் இரு முனைகளையும் 100 டிகிரியில் இருக்கும் இரண்டு சுவர்களில் பொருத்திவிட்டோம். நடுவில் வெப்பநிலை என்ன? நுனியே இல்லாத ஃபின் இது. ஆனால் இடமிருந்து வரும் வெப்பமும் வலமிருந்து வரும் வெப்பமும் சரிசமம் என்பதால் நடுப்புள்ளியை எதுவும் கடப்பதில்லை. அங்கே ஒரு காப்பு வைத்தாலும் ஒன்றும் மாறாது. எனவே 12.5 செ.மீ. நீளமுள்ள, காப்பிட்ட நுனி கொண்ட இரண்டு ஃபின்களாக இதைப் பிரிக்கலாம். mL 0.955, நடுப்புள்ளி 77 டிகிரி, இரு பக்கமும் சேர்ந்து காற்றுக்குப் போவது 3.8 வாட். காற்றைத் தொடும் நுனி முகம் இல்லாததால் A/P-ஐக் கூட்டக் கூடாது. ஒரு சுவர் 100 டிகிரியிலும் மற்றது 60 டிகிரியிலும் இருந்தால் அந்தச் சமநிலை குலைந்துவிடும். நடுப்புள்ளி வழியே வெப்பம் ஓடும், அட்டவணையின் மூன்று வரிகளில் எதுவும் பொருந்தாது. அப்போது சமன்பாட்டுக்கே திரும்பிப் போய், இரண்டு முனைகளின் வெப்பநிலையையும் நேராகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.