ஒரே மேடை, இரண்டு பேசின்

காலையில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் வீட்டில், “ரெண்டு பேசினா வெச்சுட்டா என்ன?” என்ற பேச்சு எழுவது வழக்கம். வைக்கலாம், சுவர் இடம் கொடுத்தால்.

சுவரின் நீளத்தை நான்கு பங்காக்குங்கள். முதல் பங்கு முடியும் இடத்தில் ஒரு பேசினின் நடு, மூன்றாவது பங்கு முடியும் இடத்தில் மற்றதன் நடு. ஐந்தடிச் சுவரில் இரண்டு நடுவுக்கும் இடையே 30 அங்குலமும், இரு பக்கமும் 15 அங்குலமும் கிடைக்கும். அமெரிக்க விதிகள் கேட்கும் குறைந்தபட்சமே இதுதான். முழங்கை இடிக்காமல் பல் துலக்க ஆறடி இருந்தால் நல்லது. ஐந்தடிக்கும் குறைவென்றால், ஒரே நீளமான பேசினில் இரண்டு குழாய் வைப்பதே மேல்.

குழாய் வேலையில் கவனிக்க வேண்டியது கழிவுநீர் சேரும் இடம். ஒவ்வொரு பேசினுக்கும் தனி பாட்டில் டிராப் போட்டு, பிறகுதான் இரண்டையும் ஒரு குழாயில் சேர்க்க வேண்டும். அங்கே நேரான டீயை எதிரெதிராக மாட்டினால், ஒன்றில் விட்ட தண்ணீர் மற்றதில் எதிர்த்து ஏறும். நீர் ஓடும் திசைக்குச் சாய்ந்த ‘ஒய்’ இணைப்பு போடச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன்பே சோதித்துவிடலாம். ஒரு பேசினை நிரப்பி, அடைப்பைச் சட்டென்று எடுங்கள். அடுத்த பேசினில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால் இணைப்போ சரிவோ சரியில்லை. அப்படியே விட்டால் டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் இழுபட்டுப் போய், பிறகு நாற்றம் வரும்.

பலரும் கோட்டை விடுவது உயரத்தில். கடைக்காரர் மேடை உயரத்தைச் சொல்வார். நம் கைக்கு முக்கியம் பேசின் விளிம்பின் உயரம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், விளிம்பு அதற்கு ஐந்து அங்குலம் போலக் கீழே இருந்தால் வசதி. மனைவி ஐந்தடி ஒரு அங்குலம், கணவர் ஐந்தடி ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 33, இவருக்கு 38 அங்குலம் தேவைப்படும். நடுவில் 35 என்று வைத்தால், அவர் கையிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகும். இவர் குனிந்தே முகம் கழுவுவார்.

கிரானைட் மேடையை 33 அங்குலத்தில் போட்டு, மனைவி பக்கம் மேடைக்கு அடியில் பொருத்தும் பேசினையும், கணவர் பக்கம் ஐந்து அங்குல உயர டேபிள் டாப் பேசினையும் வைத்தால் இருவருக்கும் சரியாகிவிடும். ஒரே மாதிரி ஜோடியாக இருக்காதே என்பார்கள், இருக்கட்டும். ஆனால் டேபிள் டாப் பேசினுக்கு உயரமான குழாய் வேண்டும், அல்லது சுவரிலிருந்து வரும் குழாய். சுவர்க் குழாய் என்றால், பேசினைக் கையில் வாங்கி உயரத்தை அளந்த பிறகே பிளம்பரைச் சுவர் உடைக்க விடுங்கள்.