ரைஸ் குக்கரில் வெஜ் புலாவ்: ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் வேகவில்லை... ஏன்?

பிஜி, ஹாஸ்டல் அறைகளில் பெரும்பாலும் காஸ் அடுப்புக்கு அனுமதி இருக்காது. கையில் இருப்பது ஒரே ஒரு எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர். அதில் வெள்ளைச் சாதம் ஒழுங்காக வந்துவிடும். வெஜ் புலாவ் வைத்தால் மட்டும் ஒரு நாள் களி மாதிரி ஆகிறது, இன்னொரு நாள் அரிசி நறுக்கென்று நிற்கிறது. காரணம், குக்கர் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

குக்கர் எப்போது ஆஃப் ஆகும்?

ஒற்றை சுவிட்ச் உள்ள சாதாரண குக்கரில் டைமர் கிடையாது. ஹீட்டர் தட்டின் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு சென்சார், பாத்திரத்தின் அடியைத் தொட்டபடி இருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு அதைத் தாண்டும். உடனே உள்ளிருக்கும் காந்தம் பிடியை விட, சுவிட்ச் டக்கென்று 'வார்ம்' நிலைக்குப் போய்விடும்.

அதாவது, அரிசி வெந்ததா என்று குக்கர் பார்ப்பதில்லை. அடியில் தண்ணீர் இருக்கா, இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் இங்கே டைமர்.

தண்ணீர் எவ்வளவு?

இரண்டு பேருக்கு ஒரு கப் பாஸ்மதி அரிசி என்று வைத்துக்கொள்வோம். கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்துவிட்டால் ஒன்றரை கப் தண்ணீர் போதும். சீரகச் சம்பா என்றால் கால் கப் கூடுதல். அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பில் அளக்க வேண்டும். பாத்திரத்தின் உள்ளே இருக்கும் கோடுகள் வெறும் சாதத்துக்கானவை. காய்கறி சேரும்போது அந்தக் கணக்கு சரிவராது.

தக்காளி, தயிர், தேங்காய்ப்பால் எல்லாமே தண்ணீர்க் கணக்கில்தான் வரும். அரை கப் தேங்காய்ப்பால் ஊற்றினால் தண்ணீர் ஒரு கப் போதும். ஒரு பெரிய தக்காளி போட்டால் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரைக் குறைக்கலாம்.

அரிசியை இரண்டு கப் ஆக்கினால் தண்ணீர் மூன்று கப்பா? இங்கேதான் பலருக்கும் குழைகிறது. ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கை அரிசி குடிக்கும், ஒரு பங்கு ஆவியாகும். அரிசி இரட்டிப்பானால் குடிக்கும் அளவும் இரட்டிப்பாகும். ஆனால் அதே குக்கரில் ஆவியாகும் அளவு அந்த அளவுக்கு ஏறாது. எனவே இரண்டு கப்புக்கு இரண்டே முக்கால் கப் தண்ணீர் போதும்.

எதன் மேல் எது?

1. சுவிட்சைப் போட்டு, நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், இஞ்சி பூண்டு விழுதை வதக்குங்கள். நடுவே சுவிட்ச் விழுந்தால் குச்சி வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஓரிரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள்.

2. அளந்த தண்ணீரில் கால் பங்கை ஊற்றி, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். மசாலா ஒட்டியிருந்தால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் சூடேறி, தண்ணீர் வற்றும் முன்பே குக்கர் ஆஃப் ஆகிவிடும்.

3. வடித்த அரிசியைச் சமமாகப் பரப்பி, உப்பு கரைத்த மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் சற்றுத் தூக்கலாகக் கரித்தால் உப்பு சரி.

4. பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை மேலே தூவுங்கள். கிளறக் கூடாது. கிளறினால் அரிசியின் மாவு கரைந்து கொழகொழப்பாகும்.

5. பட்டாணி, பனீர் போன்றவற்றை ஆவி நன்றாக வரத் தொடங்கியதும் மூடியைத் திறந்து சட்டென்று போட்டு மூடுங்கள்.

சுவிட்ச் விழுந்ததும் திறக்காதீர்கள். அப்போது அடி காய்ந்தும் மேல்பகுதி ஈரமாகவும் இருக்கும். பத்து நிமிடம் மூடியே இருந்தால் ஈரம் சமமாகப் பரவும். பிறகு முள்கரண்டியால் ஓரத்திலிருந்து மெதுவாகப் புரட்டுங்கள்.

சொதப்பினால்?

ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வேகவில்லை. மூன்று டேபிள்ஸ்பூன் வெந்நீரைத் தெளித்து, மூடி, மறுபடி சுவிட்சைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படியே ஆனால், ஹீட்டர் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே பருக்கை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றி, ஆறியபின் துடைத்தால் போதும்.

குழைந்துபோனால் உடனே அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்; ஓரளவு உதிரும். அடுத்த முறை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரை மட்டும் குறைத்துப் பாருங்கள். உங்கள் குக்கருக்கும் நீங்கள் வாங்கும் அரிசிக்கும் பொருந்தும் அளவு இரண்டு, மூன்று தடவையில் பிடிபட்டுவிடும்.