‘எச்.பி.எல்.சி. தெரியும்’ என்றால் போதுமா?

மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு வேலை விளம்பரங்களில் இரண்டு எதிர்பார்ப்புகள் சேர்ந்தே வரும்: எச்.பி.எல்.சி. கருவியைக் கையாண்ட அனுபவம், ஜி.எம்.பி. விதிகளின்படி வேலை செய்த பழக்கம். பல பயோடேட்டாக்களில் இதற்குப் பதிலாக இருப்பது ‘எச்.பி.எல்.சி., யு.வி., ஜி.சி. தெரியும்’ என்ற ஒற்றை வரிதான். தேர்வு செய்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

அந்த வரியை இப்படி விரிக்கலாம்: ‘பாராசிட்டமால் மாத்திரையில் மருந்தின் அளவை எச்.பி.எல்.சி.யில் சோதித்தேன், மொபைல் ஃபேஸ் தயாரிப்பு, சிஸ்டம் சூட்டபிலிட்டி, கணக்கீடு, பதிவேடு எல்லாம் என் பொறுப்பு.’ கருவியும் விதிமுறையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

செய்ததை மட்டுமே எழுத வேண்டும். நேர்காணலில் அடுத்த கேள்வி இதிலிருந்தே வரும். ஸ்டாண்டர்டை ஐந்து முறை செலுத்தியதில் ஆர்.எஸ்.டி. 2.6 சதவீதம், வரம்பு 2.0, என்ன செய்வீர்கள்? ‘சரியாக வரும்வரை திரும்பச் செலுத்துவேன்’ என்றால் வாய்ப்பு போய்விடும். அந்த வரிசையில் வந்த சாம்பிள் முடிவுகளை ஏற்காமல், பம்பில் காற்றுக்குமிழியா, கசிவா என்று பார்த்து, தோற்ற ஓட்டத்தையும் அழிக்காமல் காரணத்தோடு பதிந்து, மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்.

வரம்பு மீறிய முடிவுகளுக்கான ஓ.ஓ.எஸ். விசாரணையில் உதவி மட்டும் செய்திருந்தால், ‘விசாரணையில் உதவினேன்’ என்றே எழுதுங்கள்.